எர்ணாவூரில் வாடகை, ரேஷன் கார்டு காசிமேட்டில்: உதவித்தொகைக்கு வருமானச் சான்று வாங்குவது எப்படி?

கேள்வி: "அப்பா காசிமேடு துறைமுகத்துல லோடுமேன். அம்மா வீட்ல தையல். எனக்குப் போன வருஷம்தான் ஒரு கம்பெனியில வேலை கிடைச்சது, மாசம் 14,000. தங்கச்சி கவர்மென்ட் பாலிடெக்னிக்ல சேர்ந்திருக்கா. எம்பிசி ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று கேக்குறாங்க. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் பழைய காசிமேடு அட்ரஸ். இப்போ எர்ணாவூர் ஹவுசிங் போர்டுல வாடகைக்கு இருக்கோம், ஓனர் அக்ரிமென்ட் தரமாட்டேங்குறார். பிரவுசிங் சென்டர்ல 72,000ன்னு போட்டு அப்ளை பண்ணாங்க, ரிஜெக்ட் ஆயிடுச்சு. என்னென்ன பேப்பர் வேணும்? என் சம்பளத்தையும் சேர்க்கணுமா?"

தம்பி, உங்கள் வீட்டுக்குச் சான்று கிடைக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. ஆனால் உங்கள் விண்ணப்பத்தில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த தாலுகா ஒன்று, எழுதிய தொகை இன்னொன்று, உங்கள் சம்பளம் மூன்றாவது. நான் வருவாய் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் தாலுகா. வருமானச் சான்றுக்கு, இ-சேவையில் REV-103 என்று இருக்கும் சேவைக்கு, நீங்கள் எங்கிருந்து விண்ணப்பித்தாலும் அது இ-சேவையில் விண்ணப்பதாரரைப் பதிவு செய்யும்போது தரும் CAN எண்ணில் பதிவாகியிருக்கும் முகவரியை வைத்துத்தான் கிராம நிர்வாக அலுவலருக்குப் போகும். அவர் விசாரித்து வருவாய் ஆய்வாளருக்கு அனுப்புவார். அங்கிருந்து மண்டல துணை வட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் கையெழுத்துக்குப் போகும். காசிமேடு தண்டையார்பேட்டை தாலுகா. எர்ணாவூர் திருவொற்றியூர் தாலுகா. ஆதாரில் இருந்த பழைய முகவரியை பிரவுசிங் சென்டரில் அப்படியே ஏற்றியிருந்தால், உங்கள் விண்ணப்பம் தண்டையார்பேட்டையில் ஒருவர் கையில் விழுந்திருக்கும். அவர் அந்தத் தெருவில் கேட்டால் "அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே" என்றுதான் பதில் வரும். அதன்பிறகு அவர் பரிந்துரைக்க மாட்டார், பரிந்துரைக்கவும் கூடாது. இப்போது நீங்கள் குடியிருக்கும் இடத்து அலுவலர்தான் உங்கள் வருமானத்துக்குச் சான்று தர முடியும். எனவே வேறு எதையும் தொடுவதற்கு முன் tnesevai.tn.gov.in தளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பத்தின் நிலையைத் திறந்து, நிராகரித்த காரணமாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும், ஆனால் எங்கே நின்றது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

அடுத்த முறை விண்ணப்பிப்பதற்கு முன் அப்பா பெயரில் உள்ள CAN விவரத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம், தெரு நான்கையும் திருத்தச் சொல்லுங்கள். இதைத் திருத்தப் பதிவு செய்த கைபேசிக்கு ஓடிபி வரும். பல வீடுகளில் அந்த இடத்தில் சென்டர்காரரின் எண்தான் இருக்கிறது. குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குப் போய்விடுவதால், அலுவலர் கூடுதல் ஆவணம் கேட்டது கூட வீட்டுக்குத் தெரிவதில்லை. அப்பா எண்ணையோ உங்கள் எண்ணையோ போடுங்கள். இன்னொரு விஷயம்: திருவொற்றியூர் தாலுகா 2018-ல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. அந்தப் பகுதியின் பழைய காகிதங்களில் திருவள்ளூர் என்றே இருக்கும். வீட்டுக்காரரின் பழைய ஆவணம் எதையாவது இணைத்தால் அதைப் பார்த்துக் குழம்பி மாவட்டத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

இனி இருப்பிடச் சான்று. வீட்டுக்காரர் அக்ரிமென்ட் தர மறுப்பதற்குக் காரணம் அநேகமாக அந்த வீடு வாரியம் அவருக்கு ஒதுக்கியது, அதை வாடகைக்கு விட அவருக்கு அனுமதி இல்லை என்பதாக இருக்கும். எர்ணாவூர் குடியிருப்புகளில் இது சகஜம். அவரை வற்புறுத்திப் பயனில்லை, கள்ள அக்ரிமென்ட் தயார் செய்வதோ உங்களுக்கே வினையாகும். வருமானச் சான்றுக்கு அந்த வீட்டின் மீது உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள் என்பது தெரிந்தால் போதும். அதற்கு கேஸ் இணைப்பை இந்த முகவரிக்கு மாற்றிய ரசீது நல்ல ஆவணம். அப்பா அல்லது அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் முகவரியை மாற்றி வாங்கிக்கொள்ளலாம். வாக்காளர் அட்டை மாறியிருந்தால் இன்னும் நல்லது. தங்கைக்குப் பாலிடெக்னிக் சேர்க்கையின்போது எந்த முகவரி கொடுத்தீர்கள் என்று பாருங்கள். எர்ணாவூர் என்றால் அந்தச் சேர்க்கைச் சான்றும் கூட நிற்கும். இவற்றில் இரண்டு கிடைத்தால் போதும், மீதியைக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரித்துத் தெரிந்துகொள்வார்.

ரேஷன் கார்டில் பழைய முகவரி இருப்பது தடை இல்லை. கார்டு கேட்பது முதலாவதாகக் குடும்ப உறுப்பினர்கள் யார் யார் என்று பார்க்கத்தான். முகவரி மாற்றத்துக்கு tnpds.gov.in தளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த விண்ணப்பத்தின் நகலை கார்டு நகலோடு சேர்த்து வையுங்கள். ஆதாரையும் மாற்றத் தொடங்குங்கள். ஆனால் இரண்டும் முடியட்டும் என்று காத்திருந்தால் கல்லூரியில் கடைசி நாள் போய்விடும். சுயஉறுதிமொழியில் "முன்பு காசிமேட்டில் இந்த முகவரியில் வசித்தோம், இந்த மாதம் முதல் எர்ணாவூரில் இந்த முகவரியில் வாடகைக்கு வசிக்கிறோம்" என்று ஒரு வரி இருந்தால் இரண்டு முகவரிகளுக்கும் காரணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. காகிதங்களில் முகவரி மாறி இருப்பதை விட, அதற்கு எங்கும் விளக்கமே இல்லாமல் இருப்பதுதான் அலுவலரைத் தயங்க வைக்கும்.

இப்போது அந்த 72,000. வடசென்னையில் பாதி விண்ணப்பங்கள் இந்தத் தொகையோடுதான் வரும். ஒரு காலத்தில் சமூக நலத் துறையின் சில திட்டங்களுக்கு 72,000 ரூபாய்தான் வருமான வரம்பாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் சென்டரில் யார் வந்தாலும் அதையே தட்டிவிடுகிறார்கள். 72,000 என்றால் மாதம் 6,000. நீங்கள் கொடுக்கும் வாடகையே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்பது எர்ணாவூரை அறிந்த எந்த அலுவலருக்கும் தெரியும். கையெழுத்துப் போடுபவர் நாளைக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர். நம்ப முடியாத தொகையை அவர் ஏற்க மாட்டார். உங்களுக்கு அவ்வளவு குறைக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் இந்த உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2,50,000 ரூபாய்.

சம்பளச் சீட்டு இல்லாத குடும்பத்துக்கு வருமானத்தை மதிப்பிடுவது எப்படி என்று சொல்கிறேன், நீங்களும் அதே வழியில் கணக்குப் போட்டு எழுதிக் கொடுங்கள். லோடுமேன் வேலை தினக்கூலி. அதை 365 நாளால் பெருக்கக் கூடாது. காசிமேட்டில் வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், பைபர் படகுகள் மட்டும் போய்வரும், கூடை தூக்குபவருக்கு வேலை மிகவும் சுருங்கிவிடும். அப்பாவின் கூலி நாளுக்குச் சராசரி 700 என்று வைத்துக்கொள்வோம். தடை இல்லாத பத்து மாதங்களில் மாதம் 22 நாள் வேலை என்றால் 1,54,000. தடைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 16 நாள் வேலை கிடைத்தால் 11,200. ஆக அப்பாவுக்கு 1,65,200. அம்மாவுக்குத் தையலில் மாதம் 4,000 என்றால் வருடத்துக்கு 48,000. இரண்டும் சேர்த்து 2,13,200 ரூபாய். இவை நான் எடுத்துக்காட்டுக்குப் போட்ட எண்கள். உங்கள் வீட்டு உண்மையான கூலியையும் நாட்களையும் போட்டுப் பாருங்கள். வரம்புக்குள் உண்மையாகவே இருக்கிற குடும்பம் பொய்த்தொகை எழுதி நிராகரிப்பு வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு அப்போதும் வருத்தமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இந்தக் கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் ஆறேழு வரியில் எழுதி, அப்பா கையெழுத்திட்டு, சுயஉறுதிமொழிப் படிவத்தோடு இணையுங்கள். தடைக்காலத்தைத் தனியாகக் காட்டுங்கள். வேலை செய்யும் ஏலக்கடையிலோ படகு உரிமையாளரிடமோ "இவர் எங்களிடம் தினக்கூலிக்குச் சுமை தூக்குகிறார், நாள் கூலி இவ்வளவு" என்று ஒரு கடிதம் கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டால் அப்பாவின் தொழிலாளர் நல வாரிய அட்டையோ இ-ஷ்ரம் அட்டையோ தொழிலுக்கு ஆதாரமாகும். அவை தொழிலைக் காட்டுமே தவிர வருமானத்தை நிரூபிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவுக்குத் துணி கொடுக்கும் கடைக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்கலாம். இதோடு அப்பாவின் புகைப்படம், ரேஷன் கார்டு, பெற்றோர் இருவரின் ஆதார், இருந்தால் பான் அட்டை, மேலே சொன்ன இருப்பிடச் சான்றுகள். வேறு எதுவும் வேண்டாம். நோட்டரியிடம் போய்ப் பணம் கொடுத்துப் பிரமாணப் பத்திரம் வாங்கத் தேவையில்லை.

வங்கிக் கணக்கு விவரம் கேட்டால் ஒரு எச்சரிக்கை. அம்மா மகளிர் குழுவில் இருந்தால் குழுக் கடன் மொத்தமாகக் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கும். சீட்டு எடுத்த பணமும் அப்படித்தான். கணக்கில் வரவான தொகையை எல்லாம் கூட்டிப் பார்ப்பவருக்கு அது வருமானம் போலத் தோன்றும். அந்த வரிகளின் ஓரத்தில் "குழுக் கடன்", "சீட்டுப் பணம்" என்று பென்சிலால் குறித்த நகலைக் கொடுங்கள். கடன் வருமானம் ஆகாது என்பதில் எந்த அலுவலருக்கும் சந்தேகம் இல்லை, அது கடன் என்று தெரிந்தால் போதும்.

கடைசியாக உங்கள் சம்பளம். இதில் எது உறுதி, எது அலுவலருக்கு அலுவலர் மாறும் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கான அரசு அறிவிப்புகளில் வரும் நிபந்தனை "பெற்றோரின் ஆண்டு வருமானம்" என்பதுதான். குடும்பத்தில் சம்பாதிக்கும் எல்லோருடைய வருமானம் என்று இல்லை. எஸ்சி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளில் இது இன்னும் தெளிவாகவே இருந்தது: தாய் தந்தையரில் ஒருவர் உயிரோடு இருக்கும் வரை அவர்கள் வருமானத்தை மட்டுமே பார்க்க வேண்டும், வீட்டில் மற்றவர்கள் சம்பாதித்தாலும் சேர்க்கக் கூடாது என்று. எனவே உதவித்தொகையின் நோக்கத்துக்கு உங்கள் 14,000 கணக்கில் வரக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் வருமானச் சான்று என்பது உதவித்தொகைக்கு மட்டுமான காகிதம் அல்ல. குடும்பத்தின் ஆண்டு வருமானம் என்ற முறையில் அது தரப்படுகிறது. ரேஷன் கார்டில் உங்கள் பெயரைப் பார்த்து, வேலைக்குப் போகிறீர்கள் என்று தெரிந்தால், உங்கள் 1,68,000-ஐயும் கூட்டிவிடும் அலுவலர்கள் உண்டு. அப்படிக் கூட்டினால் மேலே போட்ட கணக்கு 3,81,200 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். ஒரே தாலுகாவில் இரண்டு பிர்காவில் இரண்டு விதமாக நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அலுவலர் எப்படிச் செய்வார் என்று இங்கிருந்து என்னால் உத்தரவாதம் தர முடியாது.

அதற்காக உங்கள் வேலையை மறைக்காதீர்கள். விசாரணைக்கு வரும்போது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாலே தெரிந்துவிடும். அதன்பிறகு நீங்கள் எழுதிய மற்ற தொகைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள், பொய்யான உறுதிமொழி குற்றமும் கூட. ரேஷன் கார்டிலிருந்து உங்கள் பெயரை நீக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் நீக்கிய பெயர் சந்தேகத்தைத்தான் கூட்டும். அதற்குப் பதிலாக அந்த வெள்ளைத்தாளில் அப்பா, அம்மா வருமானத்தை எழுதிக் கூட்டுத்தொகை போட்டுவிட்டு, அதற்குக் கீழே தனியாக எழுதுங்கள்: "மகன் தனியார் நிறுவனத்தில் மாதம் 14,000 ரூபாய் பெறுகிறார். இச்சான்று மகளின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவித்தொகைக்காகக் கோரப்படுகிறது. அதற்குப் பெற்றோர் வருமானம் மட்டுமே கணக்கிடப்படுவதால் பெற்றோர் வருமானத்துக்குச் சான்று வழங்க வேண்டுகிறேன்." கல்லூரி ஒட்டியிருக்கும் உதவித்தொகை அறிவிப்பில் பெற்றோர் வருமானம் என்று இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அச்சிட்டு இணையுங்கள். அலுவலர் நல்லெண்ணத்தோடு இருந்தாலும் கோப்பில் ஆதாரம் இல்லாமல் அவரால் செய்ய முடியாது. அந்த ஆதாரத்தை நீங்களே கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

விண்ணப்பத்தை அப்பா பெயரிலேயே போடுங்கள், வருமானம் அவருடையது. கட்டணம் 60 ரூபாய். பதிவு செய்து ஓரிரு நாளில் அப்பாவோ அம்மாவோ அசல் ஆவணங்களோடு எர்ணாவூருக்கான கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்ப்பது நல்லது. அவர் வரும்வரை காத்திருக்கலாம், ஆனால் லோடுமேன் வேலைக்கு விடியற்காலையில் போகும் ஆளை அவர் வீட்டில் பிடிப்பது கடினம். "வீடு பூட்டியிருந்தது" என்று ஒரு குறிப்பு விழுந்தால் இன்னும் பல நாள் போய்விடும். நேரில் போகும்போது மகன் சம்பளம் பற்றி அவரே கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். சேர்த்துத்தான் எழுதுவேன் என்று அவர் சொன்னால், கோப்பு மேலே போய்க் கையெழுத்தாவதற்கு முன் திருவொற்றியூர் வட்டாட்சியரிடம் ஒரு மனு கொடுங்கள். 3,81,200 என்று சான்று வந்த பிறகு திருத்துவது மிகவும் சிரமம்.

விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டால் பதற வேண்டாம். கேட்ட ஆவணத்தை அதே விண்ணப்ப எண்ணில் ஏற்றி மறுபடியும் அனுப்பலாம். நிராகரிப்பு என்றால்தான் புதிதாகக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் நிலையை வாரம் இருமுறையாவது பாருங்கள். காரணம் சொல்லாமல் கோப்பு ஒரே இடத்தில் நின்றால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் புகார் பதியலாம். ராஜாஜி சாலையில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் மனு வாங்குகிறார்கள், அங்கேயும் கொடுக்கலாம். 60 ரூபாய்க்கு மேல் யார் எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தங்கை பாலிடெக்னிக் என்பதால்தான் இந்தச் சான்று தேவைப்படுகிறது. அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு பட்டப்படிப்பு படிக்கும் எம்பிசி மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனையே இல்லை. இதைப் படிக்கிற வேறு யாராவது பி.ஏ., பி.எஸ்சி.யில் பிள்ளைகளைச் சேர்த்திருந்தால், தாலுகா அலுவலகத்துக்கு அலைவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்று வந்ததும் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். அப்பாவின் பெயர் ஆதாரிலும் தங்கையின் மதிப்பெண் சான்றிலும் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, முதலெழுத்து சரியாக இருக்கிறதா, தொகை நீங்கள் எழுதிக் கொடுத்ததுதானா என்று. உதவித்தொகைப் பதிவில் ஏற்ற வேண்டியது சான்றிதழில் அச்சாகியிருக்கும் எண். ஒப்புகைச் சீட்டில் இருக்கும் விண்ணப்ப எண்ணை அங்கே போட்டால் விவரம் பொருந்தாமல் நின்றுவிடும். சான்று மின்கையொப்பத்தோடு வருவதால் தாலுகா அலுவலகத்தில் மறுபடி முத்திரை வாங்கி வா என்று கல்லூரியில் சொன்னால், அதிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.